பாக்கி என்று எழுதிய ஒரு வரி

அக்கா மகன் ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவில் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்திருந்தான். சாப்பிட்டு முடித்து ஊஞ்சலில் உட்கார்ந்தவன், "மாமா, ஷிப்ட் முடியும்போது மேனேஜருக்கு ரிப்போர்ட் அனுப்பணும். கம்ப்ளீடட், பெண்டிங், பிளாக்டுன்னு மூணு கட்டம் இருக்கு. பெண்டிங்குக்கும் பிளாக்டுக்கும் என்ன பெரிய வித்தியாசம்? ரெண்டுமே முடியாத வேலைதானே?" என்று கேட்டான்.

அவனுக்கு அரை மணி நேரம் ஒரு பம்ப் கதை சொன்னேன். அவன் போன பிறகு, இதை இங்கேயும் எழுதி வைக்கலாமே என்று தோன்றியது. ஷிப்ட் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் இதைப் படிக்கிறவர்களில் பலர் உண்டு. அவர்களுக்குக் கதை முடிவதற்கு முன்பே விஷயம் பிடிபட்டுவிடும்.

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. ஒரு ஆலையின் பாய்லர் ஹவுஸ். ஆலையின் பெயர் வேண்டாம். நான் ஷிப்ட் எஞ்சினியராகச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. காலை 6 முதல் 2 வரை ஏ ஷிப்ட், 2 முதல் 10 வரை பி, இரவு 10 முதல் 6 வரை சி. ஷிப்ட் முடிய இருபது நிமிடம் இருக்கும்போது கையைக் கழுவிக்கொண்டு வந்து ரிப்போர்ட் புத்தகத்தை எடுப்போம். நடுவில் கார்பன் தாள் வைத்து மூன்று பிரதி. ஒன்று அடுத்த ஷிப்டுக்கு, ஒன்று மேனேஜர் மேஜைக்கு, ஒன்று புத்தகத்திலேயே இருக்கும். அந்த இருபது நிமிடத்தில் பசி இருக்கும், பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம் இருக்கும். எட்டு மணி நேரம் ஓடியாடி வேலை பார்த்தவன் அன்றைக்குச் செய்கிற வேலைகளில் மிகவும் அலட்சியமாகச் செய்வது இதைத்தான்.

பாய்லருக்குத் தண்ணீர் தள்ளுகிற ஃபீட் பம்ப் இரண்டு இருந்தன, ஏ, பி என்று. ஒன்று ஓடும், இன்னொன்று தயாராக நிற்கும். ஓடுகிற பம்ப் நின்றால் நிற்கிறதை உடனே ஓட்ட வேண்டும். பாய்லர் டிரம்மில் தண்ணீர் மட்டம் சில நிமிடங்களிலேயே அபாயமான அளவுக்கு இறங்கிவிடும். எங்களுடையது நிலக்கரி பாய்லர். எண்ணெய் பாய்லர் மாதிரி ஒரு வால்வை மூடி நெருப்பை அணைக்க முடியாது. கிரேட்டின் மேல் கரி தணலாகக் கிடக்கும். தண்ணீர் இல்லாமல் தணல் மட்டும் இருந்தால் குழாய்கள் என்ன ஆகும் என்று பாய்லர்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பி பம்ப்பின் பேரிங் சத்தம் போடுகிறது என்று மாற்ற எடுத்தோம். காலை ஆறரைக்கு எலக்ட்ரிகலில் எல்.சி. வாங்கினோம். மோட்டாரின் பிரேக்கரை வெளியே இழுத்து, சிவப்பு அட்டை மாட்டியாயிற்று. இரண்டு ஃபிட்டர்கள், ஒரு ஹெல்ப்பர். பழைய பேரிங்கைக் கழற்றி, புதியதை எண்ணெயில் காய வைத்து ஏற்றி, டயல் கேஜ் வைத்து மோட்டாருக்கும் பம்ப்புக்கும் அலைன்மென்ட் பார்த்து, கப்ளிங் போல்ட் போட்டு, எண்ணெய் ஊற்றி முடிக்கும்போது மணி ஒன்று. நல்ல வேலை. ஃபிட்டர்கள் இருவரும் கெட்டிக்காரர்கள்.

ஒன்றே ஒன்றுதான் மிச்சம். பாய்லருக்குப் போகிற தண்ணீர் நூறு டிகிரிக்கு மேல் சூடாக இருக்கும். அந்தச் சூடு பம்ப்பின் ஷாஃப்ட் வழியாகப் பேரிங்குக்கு வரும். அதனால் பேரிங் கூட்டைச் சுற்றிக் குளிர்ந்த தண்ணீர் ஓடுகிற மாதிரி அமைப்பு உண்டு. தண்ணீர் ஒரு ரப்பர் ஹோஸ் வழியாக உள்ளே போய்ச் சூட்டை வாங்கிக்கொண்டு, வெளியே ஒரு புனலில் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி விழும். பழைய ஹோஸைக் கழற்றும்போது கழுத்தில் வெடித்துவிட்டது. ஸ்டோர்ஸ் சாவியை வாட்ச்மேனிடம் வாங்கித் திறந்து பார்த்தால் அந்த அளவு ஹோஸ் இல்லை. பின் கார்டில் இருப்பு பூஜ்யம். டவுன் கடையில் ரொக்கத்துக்கு வாங்கலாம், ஆனால் அதற்கு மேனேஜர் கையெழுத்து வேண்டும். ஞாயிற்றுக்கிழமை. வரும் குழாயின் வாயில் ஒரு பிளக்கைப் போட்டு மூடிவிட்டு, திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டோம்.

ஒன்றரை மணிக்கு எலக்ட்ரீஷியன் வந்தார். "சார், எங்களுக்கும் ஷிப்ட் மாறுது. ஆள் யாரும் பம்ப்ல கை வைக்கலேன்னா எல்.சி.யைத் திருப்பிக் கொடுத்துடுங்க. இல்லேன்னா அடுத்த ஆள் கிட்ட நான் கணக்குச் சொல்லணும்" என்றார். யோசித்துப் பார்த்தேன். ஆள் யாரும் கை வைக்கவில்லைதான். கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்தேன். சிவப்பு அட்டை இறங்கியது, பிரேக்கர் உள்ளே போனது. இது என் முதல் தவறு.

இரண்டாவது தவறு ரிப்போர்ட்டில். அந்தத் தாளை நான் பிறகு எத்தனை முறை பார்த்திருப்பேனோ, இன்றும் மனப்பாடம். ஆங்கிலமும் தமிழும் கலந்து எழுதியதைத் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்:

1. கரி கன்வேயர் பெல்ட் ஜாயின்ட் போட்டு ஓட்டிப் பார்த்தாயிற்று.
2. பி ஃபீட் பம்ப் பேரிங் மாற்றும் வேலை முடிந்தது. அலைன்மென்ட் சரி.
3. 2ஆம் கம்ப்ரசர் வால்வு பிளேட் மாற்றியாயிற்று.
4. சாம்பல் கன்வேயர் செயின் பாக்கி.
5. ஸ்டீம் லைன் கசிவு, பாய்லர் நிற்கும்போதுதான் பார்க்க முடியும்.
6. கூலிங் வாட்டர் ஹோஸ் பாக்கி. ஸ்டோர்ஸில் இல்லை.

மேலோட்டமாகப் பார்த்தால் பொய் ஒன்றும் இல்லை. இரண்டாவது வரியில் இருப்பது உண்மை, ஆறாவது வரியில் இருப்பதும் உண்மை. ஆனால் ஆறாவது வரியில் எந்த மெஷினுடைய ஹோஸ் என்று எழுதவில்லை. எனக்குத் தெரியும், அதனால் எழுதத் தோன்றவில்லை. கம்ப்ரசருக்கும் கூலிங் வாட்டர் ஹோஸ் உண்டு. மூன்றாவது வரியில் கம்ப்ரசர் இருக்கிறது. படிக்கிறவன் எதை எதோடு சேர்ப்பான்?

இரண்டு மணிக்கு வந்த பி ஷிப்ட் எஞ்சினியரிடம் வாயால் சொன்னேன், "பி பம்ப்ல ஹோஸ் இல்ல, பார்த்துக்குங்க" என்று. அவர் தலையை ஆட்டினார். இரவு பத்து மணிக்கு வந்த சி ஷிப்ட் எஞ்சினியரிடம் அவர் அதைச் சொல்ல மறந்துவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். எட்டு மணி நேரத்தில் அவருக்கு அவருடைய தலைவலிகள். வாய்ச் சொல் ஒரு கை மாறும்வரை நிற்கும். இரண்டாவது கை மாறும்போது காகிதத்தில் இருப்பதுதான் நிற்கும். காகிதத்தில் பி பம்ப் முடிந்தது என்று இருந்தது.

இரவு இரண்டு மணி தாண்டி ஏ பம்ப் மோட்டார் ஓவர்லோடில் நின்றது. டிரம் மட்டம் இறங்க ஆரம்பித்தது. ஆபரேட்டர் என்னை விடப் பதினைந்து வயது மூத்தவர். நிதானமானவர். ரிப்போர்ட்டில் பி முடிந்திருக்கிறது, பேனலில் பச்சை விளக்கு எரிகிறது, சிவப்பு அட்டை இல்லை. பட்டனை அழுத்தினார். பி பம்ப் அழகாக எடுத்தது. மட்டம் ஏறியது. அவரைப் பொறுத்தவரை செய்ய வேண்டியதை இரண்டு நிமிடத்துக்குள் செய்துவிட்டார்.

இருபது, இருபத்தைந்து நிமிடம் கழித்து, கீழே சுற்றிப் பார்க்கப் போன ஹெல்ப்பருக்கு எண்ணெய் தீயும் வாசனை வந்திருக்கிறது. பேரிங் கூட்டின் மேல் கை வைக்க முடியவில்லை. புனலில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. ஓடி வந்து கத்தினார். அதற்குள் எலக்ட்ரீஷியன் ஏ பம்ப்பின் ரிலேயைச் சரி பார்த்து வைத்திருந்தது பெரிய அதிர்ஷ்டம். ஏ பம்ப்பை ஓட்டிவிட்டு பி பம்ப்பை நிறுத்தினார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பாய்லருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் புது பேரிங் நீலம் பாய்ந்து போயிற்று, ஷாஃப்ட்டில் பேரிங் உட்காரும் இடம் கீறிவிட்டது. ஏ பம்ப் இன்னும் அரை மணி நேரம் சரியாகாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அப்போது யாரும் வாய் விட்டுச் சொல்லவில்லை.

திங்கட்கிழமை காலை ஆபரேட்டருக்கு மெமோ கொடுத்தார்கள். கூலிங் வாட்டர் ஓடுகிறதா என்று புனலைப் பார்க்காமல் பம்ப்பை ஓட்டினாய், விளக்கம் கொடு என்று. விதிப்படி அது சரிதான். பம்ப்பை ஓட்டும் முன் பார்க்க வேண்டியவற்றில் புனலும் ஒன்று. ஆனால் டிரம் மட்டம் இறங்கிக்கொண்டிருக்கும்போது, முடிந்துவிட்டது என்று எழுதிக் கொடுத்த பம்ப்பை, கீழே இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து ஓட்டு என்று சொல்வது மேஜையில் உட்கார்ந்திருப்பவருக்குத்தான் எளிது.

நான் அன்றைக்கு ஒன்றும் பேசவில்லை. இதை எழுதும்போது இப்போதும் கை கூசுகிறது. ஆறாவது வரியில் எழுதியிருக்கிறேனே, பி ஷிப்டிடம் சொன்னேனே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆபரேட்டர் காண்டீனில் எதிரே வந்தபோது ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "நல்லா வேலை செஞ்சிருந்தீங்க சார், பம்ப் சத்தமே இல்லாம எடுத்துச்சு" என்றார். கிண்டல் இல்லை, உண்மையாகவே சொன்னார். அதுதான் தாங்கவில்லை. செவ்வாய்க்கிழமை மாலை மேனேஜர் அறைக்குப் போய், "சார், மெமோ எனக்கு வர வேண்டியது" என்றேன்.

அவர் திட்டவில்லை. மேஜை இழுப்பிலிருந்து என் ரிப்போர்ட்டை எடுத்து என் பக்கம் திருப்பி வைத்தார். "இதுல எந்த வரியைப் படிச்சா பி பம்ப்பை ஓட்டக் கூடாதுன்னு எனக்குத் தெரியும்? காட்டுப்பா" என்றார். ஆறாவது வரியைக் காட்டினேன். "இதுல பி பம்ப் எங்கே இருக்கு?" என்றார். பதில் இல்லை.

பிறகு கேட்டதுதான் எனக்கு முக்கியம். "ஹோஸ் இல்லேன்னு ஞாயித்துக்கிழமை ஒரு மணிக்கே தெரியும். எனக்கு வீட்டில போன் இருக்கு. ஏன் கேட்கலே?"

"ஞாயித்துக்கிழமை, தொந்தரவு பண்ண வேண்டாம்னு..."

"யார்டுல கழிச்சுப் போட்ட பம்ப் ஒண்ணு கிடக்கு. அதுல இதே ஹோஸ் ரெண்டு இருக்கு. போன வாரம்தான் பார்த்தேன். கேட்டிருந்தா பத்து நிமிஷ வேலை."

அவர் அன்று சொன்னதை என் சொல்லில் எழுதுகிறேன். பாக்கி என்றால், என் ஆட்களும் என் சாமான்களும் இருக்கின்றன, நேரம் மட்டும் போதவில்லை என்று அர்த்தம். அடுத்த ஷிப்ட் அதை எடுத்துச் செய்யலாம். மேனேஜர் அதைப் படித்துவிட்டு ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. சாம்பல் கன்வேயர் செயின் அப்படிப்பட்டது. செயின் வந்திருக்கிறது, ஆள் இருக்கிறார்கள், மூன்று மணி நேரம் வேண்டும். தடைபட்டது என்றால் விஷயமே வேறு. எத்தனை ஷிப்ட் மாறினாலும், எத்தனை ஆள் வந்தாலும், எங்கள் கையால் அது நகராது. வேறு ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும், அல்லது வாங்கித் தர வேண்டும், அல்லது பாய்லரை நிறுத்தச் சம்மதிக்க வேண்டும். ஆகவே தடைபட்டது என்ற வரி மேனேஜரிடம் கேட்கிற கேள்வி. நான் அந்தக் கேள்வியைக் கேட்காமல், பாக்கி என்று ஒரு தகவலாக எழுதிவிட்டேன். தகவலைப் படித்துவிட்டு அவர் தலையை ஆட்டிவிட்டுப் போவார். வேறென்ன செய்வார்?

ஏன் அப்படி எழுதினேன் என்று யோசித்துப் பார்த்தேன். சோம்பல் மட்டும் காரணம் இல்லை. தடைபட்டது என்று எழுதினால் அதில் இன்னொரு பிரிவின் பெயர் வரும். ஸ்டோர்ஸில் இருப்பு வைக்கவில்லை என்று ஆகும். ஸ்டோர்கீப்பர் மறுநாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார், அடுத்த முறை ஒரு வாஷர் கேட்டால் கூட அலைய விடுவார். இரண்டு வருடம்தான் ஆன பையனுக்கு அந்தப் பயம் பெரிது. பாக்கி என்ற சொல்லில் யார் பெயரும் இல்லை. யாருக்கும் உறுத்தாத சொல்.

அதற்கு நேர் எதிரான வியாதியும் உண்டு. நான் பிறகு மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்தபோதுதான் அதைக் கண்டேன். செய்ய மனமில்லாத வேலையைத் தடைபட்டது என்ற தலைப்பில் தள்ளிவிடுவார்கள். அதைக் கண்டுபிடிக்க ஒரே கேள்விதான் கேட்பேன்: "யாரிடம், எத்தனை மணிக்குக் கேட்டீர்கள்?" உண்மையாகவே தடைபட்டிருந்தால் பெயரும் நேரமும் உடனே வரும். இல்லையென்றால் ஆள் சுவரைப் பார்ப்பார்.

இன்னொன்று, தடைபட்ட வரி பழசாகும். முதல் நாள் படிப்போம். பத்தாவது நாள் அதே வரி அதே சொற்களில் வந்தால் கண் அதைத் தாண்டிப் போய்விடும், காலண்டரில் இருக்கிற சாமி படம் மாதிரி. அதனால் அந்த வரியில் எந்தத் தேதியிலிருந்து நிற்கிறது என்று எழுதச் சொன்னேன். 14ஆம் தேதி முதல் என்று தினமும் கண்ணில் பட்டால் மேனேஜருக்கே வெட்கம் வந்து எதையாவது செய்வார். எனக்கு வந்திருக்கிறது.

முடிந்தது என்ற சொல்லைப் பற்றியும் அன்று பேச்சு வந்தது. ஃபிட்டருக்குக் கடைசி போல்ட்டை இறுக்கினால் வேலை முடிந்தது. ஆபரேட்டருக்கு அந்த மெஷினைப் பட்டன் அழுத்தி ஓட்டலாம் என்றால்தான் முடிந்தது. நான் ஃபிட்டரின் பொருளில் எழுதினேன், ஆபரேட்டர் தன் பொருளில் படித்தார். மேனேஜர் அதற்கு வைத்த விதி, மெஷினை ஓட்டி, பேரிங் சூடு ஏறி நிற்கிறதா என்று பார்த்து, அந்த டிகிரியை எழுதி, ஆபரேட்டரிடம் கையெழுத்து வாங்கினால் மட்டுமே முடிந்தது என்று எழுத வேண்டும். ஓட்டிப் பார்க்க முடியாத வேலை எதுவும் அந்தத் தலைப்பில் வரக் கூடாது. பி பம்ப்பை அன்று நான் ஓட்டிப் பார்க்க முயன்றிருந்தால் ஹோஸ் இல்லாமல் ஓட்ட முடியாது என்பது அந்த இடத்திலேயே எல்லோருக்கும் தெரிந்திருக்கும். எல்.சி.யையும் நான் திருப்பிக் கொடுத்திருக்க மாட்டேன்.

சில வருடங்கள் கழித்து ஒரு பயிற்சி வகுப்பில் பைப்பர் ஆல்ஃபா விபத்தைப் பற்றிச் சொன்னார்கள். எனக்கு உள்ளங்கை வியர்த்துவிட்டது. பிரிட்டனுக்குப் பக்கத்தில் வட கடலில் இருந்த எண்ணெய், எரிவாயு மேடை அது. 1988 ஜூலை 6. அங்கேயும் ஏ, பி என்று இரண்டு பம்ப்புகள். ஏ பம்ப்பின் பாதுகாப்பு வால்வைச் சோதனைக்காகக் கழற்றி எடுத்து, குழாயின் திறந்த வாயில் ஒரு தகட்டை வைத்து மூடியிருந்தார்கள். மாலை ஷிப்ட் முடியும்போது அந்த வால்வு திரும்ப மாட்டப்படவில்லை. அதே ஏ பம ்ப்பில் வேறொரு பராமரிப்பு வேலைக்கும் தனியாகப் பெர்மிட் இருந்தது, அந்த வேலை தொடங்கவே இல்லை. இரவு பத்து மணிக்குக் கொஞ்சம் முன்பு பி பம்ப் நின்றுவிட்டது, திரும்ப எடுக்கவில்லை. கண்ட்ரோல் அறையில் இருந்தவர்கள் அந்தப் பராமரிப்புப் பெர்மிட்டைப் பார்த்தார்கள். வேலை தொடங்கவில்லை, அப்படியானால் பம்ப்பை ஓட்டலாம் என்று முடிவு செய்தார்கள். வால்வைக் கழற்றிய விஷயம் ஷிப்ட் மாறும்போது அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. தகட்டின் ஓரம் வழியாக வாயு கசிந்து வெடித்தது. 167 பேர் இறந்தார்கள். 61 பேர் தப்பினார்கள். கல்லன் பிரபு தலைமையில் விசாரணை நடந்து 1990இல் அறிக்கை வந்தது.

ஒரே மெஷினைப் பற்றி இரண்டு காகிதங்கள், அவை ஒன்றையொன்று பார்க்கவே இல்லை. என் இரண்டாவது வரியும் ஆறாவது வரியும் அப்படித்தான் இருந்தன. எங்கள் பம்ப்பில் ஓடியது தண்ணீர், அவர்களுடையதில் ஓடியது எளிதில் தீப்பற்றும் திரவம். அவ்வளவுதான் வித்தியாசம் என்று வகுப்பில் உட்கார்ந்திருந்தபோது தோன்றியது. பக்கத்தில் இருந்தவர் டீ குடிக்கக் கூப்பிட்டார். எனக்கு எழுந்திருக்கத் தோன்றவில்லை.

மேனேஜர் அந்தச் செவ்வாய்க்கிழமை மாலையே என்னை உட்கார வைத்து ஞாயிற்றுக்கிழமை ரிப்போர்ட்டைத் திரும்ப எழுதச் சொன்னார். நாலு முறை அடித்து எழுதினேன். கடைசியில் அவர் ஒத்துக்கொண்ட தாளில், எல்லாவற்றுக்கும் மேலே, தடைபட்டது என்ற தலைப்பில் பி பம்ப் இருந்தது:

"பி ஃபீட் பம்ப்: ஓட்டக் கூடாது. பேரிங் மாற்றி அலைன்மென்ட் முடிந்தது, ஆனால் கூலிங் வாட்டர் ஹோஸ் இல்லை, குழாயில் பிளக் போட்டிருக்கிறது. எல்.சி. எங்களிடம், சிவப்பு அட்டை மாட்டியிருக்கிறது. ஹோஸ் ஸ்டோர்ஸில் இருப்பு இல்லை (ஞாயிறு பகல் 1 மணிக்குப் பார்த்தது). ரொக்கத்தில் வாங்கத் தங்கள் அனுமதி தேவை. ஹோஸ் வந்தால் அரை மணி நேர வேலை, பிறகு ஓட்டிப் பார்க்க வேண்டும். அதுவரை ஏ பம்ப்புக்கு மாற்று கிடையாது. பாய்லர் ஆபரேட்டரிடம் 1.45க்குச் சொல்லிக் கையெழுத்து வாங்கியாயிற்று."

இதை எழுதும்போதே ஒரு விஷயம் உறைத்தது. ஏ பம்ப்புக்கு மாற்று கிடையாது என்கிற வரியை எழுதுகிறவரைக்கும், அது எனக்கே தெரியாது. அதாவது தெரியும், ஆனால் அப்படி ஒரு வாக்கியமாக என் தலையில் இருந்ததில்லை. நான் யோசித்ததெல்லாம் ஒரு ஹோஸைப் பற்றி. பாய்லர் ஒரே பம்ப்பில் நிற்கிறது என்று யோசிக்கவில்லை. அந்த வரியை ஞாயிற்றுக்கிழமையே எழுதியிருந்தால் அதைப் பார்த்துவிட்டு நானே பஸ்ஸை விட்டுவிட்டுப் போன் பக்கம் போயிருப்பேன்.

மற்ற வேலைகளெல்லாம் சுருங்கிவிட்டன. கன்வேயரும் கம்ப்ரசரும் முடிந்தவை, ஆளுக்கு ஒரு வரி. செயின் பாக்கி, என்ன மிச்சம், எத்தனை மணி நேரம் என்று ஒரு வரி. ஸ்டீம் லைன் கசிவு நான் நினைத்த மாதிரி பாக்கி இல்லை, அதுவும் தடைபட்டதுதான். பாய்லரை எப்போது நிறுத்துவது என்று தேதி சொல்ல வேண்டியவர் மேனேஜர். "இதை மூணு வாரமா பாக்கின்னு எழுதிக்கிட்டிருக்கீங்க எல்லாரும்" என்று அவர் சிரித்தார். அடுத்த மாதம் நிறுத்தத்துக்குத் தேதி போட்டார்.

அக்கா மகனிடம் இவ்வளவையும் சொன்னபோது, அவன் ஆலையில் ரிப்போர்ட் எல்லாம் கம்ப்யூட்டரில், மெஷின் பெயரைப் பட்டியலில் இருந்து தேர்ந்தெடுக்காமல் வரியை ஏற்றவே முடியாது என்றான். நல்லதுதான். என்னுடைய ஆறாவது வரி அங்கே ஏறியிருக்காது. ஆனால் பெண்டிங் என்ற கட்டத்தில் போட்டிருப்பேன் என்று நினைக்கிறேன். அவனும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நேத்து ஒரு சென்சார் வரலேன்னு பெண்டிங்ல போட்டேன் மாமா" என்றான். யாரிடம் கேட்டாய் என்றேன். ஊஞ்சலிலிருந்து எழுந்து போனை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் போனான்.

ஆபரேட்டரின் மெமோவைப் புதன்கிழமை திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது, கோப்பிலும் போட்டார்கள். அந்த வருடம் இன்க்ரிமெண்ட் தள்ளிப் போயிற்று. ஆபரேட்டர் அதன் பிறகு ஆறு வருடம் பணியில் இருந்தார். நான் ரிப்போர்ட் எழுதும்போது பக்கத்தில் வந்து நின்று, தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, "இன்னைக்கு எதை ஓட்டக் கூடாது சார்?" என்று கேட்பார். ஒன்றும் இல்லை என்றால் கூட, ஒன்றும் இல்லை என்று எழுதச் சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் போவார்.